கேம் வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு

2012 நவம்பரில், ஜப்பானில் குடியேறியிருந்த ஓர் அமெரிக்கர், தனியாளாகச் செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் கேம் ஒன்றைப் பற்றி இணையத்தில் எழுத ஆரம்பித்தார். பெயர் லூகஸ் போப். ‘அன்சார்ட்டட்’ என்ற புகழ்பெற்ற வரிசையைத் தயாரித்த நாட்டி டாக் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு விலகியவர். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. இந்தச் சின்ன கேமைச் சில வாரங்களில் முடித்துவிட்டு, நன்றாக விற்கக்கூடிய வேறொன்றைத் தொடங்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பி, ஒன்பது மாதம் இழுத்தது. ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற அந்த கேம் 2013 ஆகஸ்ட் 8-ம் தேதி விற்பனைக்கு வந்த நாளில், அதற்காக ஒரு கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. அவர் விளம்பரத்துக்கு ஆள் வைக்கவில்லை. அந்த ஒன்பது மாதமும் என்ன செய்கிறேன், எங்கே சிக்கியிருக்கிறேன் என்று எழுதிக்கொண்டே வந்தார். அவ்வளவுதான்.

இப்படி எழுதுவதை டெவ்லாக் என்பார்கள். கேம் தயாரிப்பவர் தன் வேலை நடக்கும்போதே அதைப் பற்றித் தொடராக எழுதும் குறிப்பு. எழுத்தாகவும் இருக்கலாம், வீடியோவாகவும் இருக்கலாம். நான் இங்கே சொல்வது எழுத்துத் தொடரைப் பற்றி. தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ கேம் செய்பவர்களுக்கு அதில்தான் செலவு குறைவு, கைக்கும் எளிது.

‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ன கேம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நீங்கள்தான் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி. திரையின் மேல்பகுதியில் எல்லையைக் கடக்க நிற்கும் வரிசை. கீழே இடப்பக்கம், கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு முகம். வலப்பக்கம் உங்கள் மேசை. அந்த மேசைமேல் ஒருவர் பாஸ்போர்ட்டை வைக்கிறார். தேதி சரியா, ஊர் சரியா, படத்தில் இருப்பவர்தான் எதிரே நிற்கிறாரா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தீர்களோ அவ்வளவுக்குத்தான் கூலி. அதில்தான் வீட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் குளிருக்குச் சூடும்.

ஒரு வரியில் சொல்ல முடிந்தது டெவ்லாக்குக்குப் பெரிய சௌகரியம். தொடரின் ஏழாவது குறிப்பில் வந்து சேரும் ஒருவர் முந்தைய ஆறையும் படித்திருக்க மாட்டார். அவருக்கு முதல் மூச்சிலேயே கேம் புரிய வேண்டும். அதனால் அந்த ஒரு வரியும், விளையாடும்போது எடுத்த ஒரு படமும் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் இருக்க வேண்டும். எழுதுபவருக்கு அது சலித்துப்போயிருக்கும். வாசலில் நிற்பவருக்கு அதுதான் கதவு.

போப் செய்ததில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இரண்டு காரியங்கள். ஒன்று, பாதி வெந்த நிலையிலேயே கேமை இலவசமாக எடுத்து விளையாடக் கொடுத்தார். படித்தவர்கள் அங்கேயே விளையாடிப் பார்த்து, எது புரியவில்லை, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று சொன்னார்கள். திருத்தியதை அடுத்த குறிப்பில் எழுதினார். விளையாடியதைப் பதிவு செய்து யூடியூபில் போட்டவர்கள் வழியாகப் பேச்சு இன்னும் பரவியது.

இரண்டாவது, பெயர்கள். எல்லையைக் கடக்க வருகிறவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட்டில் பெயர் வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கில். போப் தன் தளத்தில் ஒரு படிவத்தை வைத்து, உங்கள் பெயரை அனுப்பலாம் என்றார். ஏறக்குறைய 30,000 பெயர்கள் வந்து குவிந்தன. அவற்றில் பாதிக்கு மேல் உதவவில்லை. சில விளையாட்டுக்கு எழுதியவை, சில அவருடைய கிழக்கு ஐரோப்பியச் சாயலுக்கு ஒட்டாதவை. ஆனாலும் இந்த ஏற்பாடு என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பெயர் எழுதி அனுப்பியவர் இனி வெறும் வாசகர் இல்லை. தன் பெயரோடு ஒருத்தர் அந்த வரிசையில் வந்து நிற்பாரா என்று பார்க்க அவர் கேம் வரும் வரை காத்திருப்பார். போப்புக்கும் இதில் பொய் வேலை எதுவும் இல்லை. அவருக்குப் பெயர்கள் உண்மையாகவே தேவைப்பட்டன. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். “நாயகனின் சட்டை சிவப்பா நீலமா, வாக்களியுங்கள்” என்று கேட்பார்கள். எழுதுபவருக்கே அந்தப் பதில் தேவையில்லை என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நம்மிடம் நிஜமாகவே இல்லாத ஒன்றை, வாசகர் இரண்டு நிமிடத்தில் தரக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். கதவு கிறீச்சிடும் சத்தம், ஊர்ப் பெயர், கையெழுத்து மாதிரி, இப்படி ஏதாவது.

அப்போது ஸ்டீம் கடையில் கிரீன்லைட் என்று ஒரு முறை இருந்தது. போதுமான பேர் வாக்களித்தால்தான் சிறிய தயாரிப்பாளரின் கேமைக் கடை ஏற்கும். 2013 ஏப்ரலில் போப் தன் கேமை அங்கே வைத்தார். சில வாரங்களில் அனுமதி கிடைத்தது. அதுவரை எழுதியதைப் படித்தவர்களும், விளையாடிப் பார்த்தவர்களும் இருந்தார்களே!

அடுத்த கேமில் அவர் எழுதிய ஒரு குறிப்பைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு நல்ல குறிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை.

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ அந்த கேமின் பெயர். 1807-ல், ஆள் இல்லாமல் திரும்பி வந்த ஒரு கப்பல். அதில் போன 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். டெவ்லாக்கை 2014-ல் தொடங்கினார். கேம் 2018 அக்டோபரில் வந்தது. பழைய மேக்கின்டோஷ் திரையைப் போல இதில் இரண்டே நிறம்தான், ஒன்று கறுப்பு, இன்னொன்று வெளுப்பு. இடையில் சாம்பல் நிறமே கிடையாது. அப்படியானால் நிழலை எப்படிக் காட்டுவது? செய்தித்தாளில் வரும் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்திருப்பீர்கள். அங்கே சாம்பல் இல்லை, கறுப்புப் புள்ளிகள்தான். அவை அதிக இடத்தை அடைத்தால் இருட்டு, குறைவாக அடைத்தால் வெளிச்சம். கம்ப்யூட்டரில் இந்த வித்தைக்கு டிதரிங் என்று பெயர்.

அசையாத படத்தில் இது அழகாக இருக்கும். ஆனால் ‘ஓப்ரா டின்’ நாம் கப்பலுக்குள் நடந்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கேம். புள்ளிக் கோலம் திரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காட்சியோ அதன் பின்னால் நகர்கிறது. ஜன்னலில் அடித்த கொசு வலைக்குப் பின்னால் தெரு ஓடுவது போல. தலையைத் திருப்பும்போதெல்லாம் திரை முழுக்கப் புள்ளிகள் நெளிந்து கண்ணைக் கரிக்கும். முழுத் திரையில் விளையாடுகிறவருக்குத் தலைவலியே வந்துவிடும்.

2017 நவம்பரில் போப் எழுதிய குறிப்பு இந்த ஒரே பிரச்சினையைப் பற்றியது. முதலில் பிரச்சினையை அசையும் படமாகக் காட்டினார். புள்ளிகள் எப்படி நெளிகின்றன என்று நாமே பார்த்துவிடுகிறோம். பிறகு தான் போய்ப் பார்த்த வழிகளைப் படத்தோடு காட்டிக்கொண்டே வந்தார், எது எங்கே உடைந்தது என்பது உட்பட. கடைசியில் பிடித்த வழி இது: பார்ப்பவரின் தலையைச் சுற்றி ஒரு பெரிய கோளம் இருப்பதாக வைத்துக்கொண்டு, புள்ளிக் கோலத்தைத் திரையில் ஒட்டாமல் அந்தக் கோளத்தின் உட்புறத்தில் ஒட்டினார். இப்போது தலையைத் திருப்பினால் புள்ளிகளும் காட்சியோடு சேர்ந்தே திரும்புகின்றன. முன்னால் நடக்கும்போது கொஞ்சம் நெளிவு இருக்கத்தான் செய்யும், ஆனால் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் திரும்பும்போது வரும் நெளிவுதான். இதற்கு ஏறக்குறைய 100 மணி நேரம் செலவானதாகச் சொன்னார். சரியாக அமைந்துவிட்டால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள் என்ற விஷயத்துக்கு அத்தனை உழைப்பு!

கிராபிக்ஸ் கணக்கு எதுவும் தெரியாத ஒருவர் இதைக் கடைசிவரை படித்துவிடுவார். காரணம், அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, அந்தக் கேள்வி கண்ணுக்குத் தெரிகிறது. “இந்த வாரம் மெனுவைச் சரிசெய்தேன், இரண்டு பிழைகளை நீக்கினேன், இசையில் கொஞ்சம் வேலை, அடுத்த வாரம் எதிரிகள்” என்று எழுதினால் அது வேலைப் பட்டியல். பட்டியலை எழுதியவரைத் தவிர யாரும் படிப்பதில்லை. அந்தப் பட்டியலில் இருந்து ஒன்றை மட்டும் எடுத்து, அது ஏன் சரியாக இல்லை, என்ன செய்து பார்த்தேன், இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதினால் அது குறிப்பு. மற்றதையெல்லாம் விட்டுவிடலாம். யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. பிரச்சினை தீர்ந்த பிறகுதான் எழுத உட்காருவோம். அப்போது கெட்டுப்போயிருந்த நிலையின் படம் கையில் இருக்காது. திருத்திய படத்தை மட்டும் வைத்தால் படிப்பவருக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை, எல்லா கேமையும் போல ஒழுங்காகத்தான் தெரியும். அதனால் ஏதாவது அசிங்கமாகவோ விசித்திரமாகவோ தெரிந்தால், திருத்தக் கை வைப்பதற்கு முன் பத்து விநாடி திரையைப் பதிவு செய்து, தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். இந்தப் பழக்கம் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவது அரை நாள் வேலை. இல்லாவிட்டால் பழைய நிலையைத் திரும்ப உண்டாக்கிப் படம் எடுப்பதிலேயே ஒரு நாள் போகும். பலருடைய தொடர் மூன்றாம் நான்காம் குறிப்போடு நின்றுபோவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது கசப்பான ஒன்று. மேலே சொன்ன டிதரிங் குறிப்பை யார் அதிகம் ரசிப்பார்கள்? கேம் செய்பவர்கள். அவர்கள் அருமையான வாசகர்கள், பாராட்டுவார்கள், பகிர்வார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் நம் கேமை வாங்குகிறவர்கள் இல்லை. கீழே வரும் கேள்விகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். “இதை எந்த எஞ்சினில் செய்தீர்கள், ஷேடரைக் கொடுப்பீர்களா?” என்று கேட்டால் வந்திருப்பது தொழில்காரர். “இதில் இரண்டு பேர் சேர்ந்து விளையாட முடியுமா? எப்போது வரும்? என் பழைய லேப்டாப்பில் ஓடுமா?” என்று கேட்டால் விளையாடுகிறவர். நாலைந்து குறிப்பு தொடர்ந்து முதல் வகைக் கேள்வியே வந்தால், அடுத்த குறிப்பை வேறு பக்கத்திலிருந்து எழுத வேண்டும். அதே புள்ளிக் கதையையே, “இருட்டறையில் பிணத்தைத் தேடும்போது கண் வலிக்காமல் இருக்க என்ன செய்தேன்” என்று விளையாடுகிறவரின் நாற்காலியிலிருந்து சொல்லலாம். வேலை ஒன்றுதான், வாசல் வேறு.

படித்துவிட்டுப் போகிறவர் திரும்பி வர என்ன வழி? இன்று பெரும்பாலான சிறிய கேம்களுக்கு அந்த வழி ஸ்டீமின் விஷ்லிஸ்ட் பொத்தான்தான். கிரீன்லைட் 2017-ல் முடிந்துபோயிற்று. இப்போது ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம் கட்டினால் கடையில் பக்கம் கிடைக்கும். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாவது ‘விரைவில் வருகிறது’ என்று பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. ஆனால் டெவ்லாக் எழுதுகிறவருக்கு இரண்டு வாரம் எந்த மூலைக்கு? மாதக்கணக்கில் முன்பே திறந்து வைக்க வேண்டும். அங்கே விஷ்லிஸ்ட் அழுத்தியவருக்கு, கேம் வெளியாகும் அன்று ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு குறிப்பைப் படித்து மறந்துபோனவரையும் அது போய்க் கூப்பிடும். பக்கம் திறப்பதற்கு முன் எழுதும் நல்ல குறிப்புகள் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். படித்தவர் ரசிப்பார், போய்விடுவார்.

எந்தக் குறிப்பு ஆளைக் கொண்டுவந்தது என்று அறியவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் கடைப் பக்கத்துக்கு ஒரே ஒரு இணைப்பு கொடுத்து, அதன் வாலில் அடையாளம் ஒட்டிவிட வேண்டும். ஏழாவது குறிப்புக்கு இப்படி:

```
https://store.steampowered.com/app/APPID/?utm_source=devlog&utm_campaign=post07
```

`APPID` இருக்கும் இடத்தில் உங்கள் கேமின் எண் வரும். எட்டாவது குறிப்பில் `post08` என்று மாற்றிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளருக்கான ஸ்டீம் பக்கத்தில், எந்த அடையாளத்தோடு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் விஷ்லிஸ்ட் அழுத்தினார்கள் என்று தனித்தனியாகத் தெரியும். அந்த பிரவுசரில் ஸ்டீம் கணக்குக்குள் நுழையாதவர் அழுத்தியதை இது பிடிக்காது, ஆகவே எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அது பரவாயில்லை. குறிப்புக்குக் குறிப்பு ஒப்பிடத்தான் இது வேண்டும். பாராட்டு குவிந்த குறிப்பிலிருந்து இரண்டு பேரும், யாரும் வாய் திறக்காத குறிப்பிலிருந்து இருபது பேரும் வந்திருப்பதைப் பார்த்தால், அடுத்து எதை எழுதுவது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

எவ்வளவு அடிக்கடி எழுதுவது? பிராகில் இருக்கும் வூப் நிறுவனம் ‘ஃபாக்டோரியோ’ கேமுக்காக 2013-லிருந்து எழுதிய தொடருக்குப் பெயரே ‘ஃப்ரைடே ஃபாக்ட்ஸ்’. பெயரிலேயே கிழமை இருக்கிறது. பத்து வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், ‘ஸ்பேஸ் ஏஜ்’ என்ற விரிவாக்கத்தை அதே தொடரில்தான் அறிவித்தார்கள். 2024 அக்டோபர் 21-ம் தேதி அது வெளியாகும் வரை ஏறக்குறைய பதினான்கு மாதம், வெள்ளிக்கிழமை வந்தால் படிக்க ஒன்று இருந்தது. அவர்கள் ஒரு குழு, முறை வைத்து எழுதினார்கள். தனியாளுக்கு வாரம் ஒன்று கட்டுப்படியாகாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று, அல்லது மாதம் ஒன்று. எதுவானாலும் கிழமை மாறக்கூடாது.

கிழமையைச் சொல்லலாம், வெளியீட்டுத் தேதியைச் சொல்லக்கூடாது. போப் சில வாரம் என்று நினைத்த வேலை ஒன்பது மாதம் ஆனது. அடுத்தது நாலு வருடத்துக்கு மேல் ஆனது. தேதியைச் சொல்லித் தள்ளிப்போட்டால், அடுத்த குறிப்பின் பாதி மன்னிப்பிலேயே போகும். இன்னும் செய்து பார்க்காத அம்சத்தைப் பற்றி எழுதுவதும் இதே தவறுதான். எழுதிவிட்டால் அது வாக்கு. எட்டு மாதம் கழித்து அந்த அம்சம் ஒத்துவராமல் தூக்கிப்போட நேர்ந்தால், அதற்காகவே காத்திருந்த ஒருவர் முதல் நாளே வந்து கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் எழுதினால் இந்த வம்பு இல்லை.

கதையை நம்பி இருக்கும் கேமுக்கு இன்னொரு கவலை உண்டு. ‘ஓப்ரா டின்’ முழுக்க முழுக்க மர்மம். யார் எப்படிச் செத்தார் என்பதை டெவ்லாக்கில் சொல்லிவிட்டால் விளையாட என்ன மிச்சம்? வருடக்கணக்காகத் தொடர் எழுதியும் போப் கையைக் கட்டிக்கொண்டதற்கு, அவர் பெரும்பாலும் செய்முறையைப் பற்றியே எழுதியது ஒரு காரணம். புள்ளி, கோடு, கப்பலின் அமைப்பு, குரல் பதிவு, இப்படி. கயிறு எப்படித் திரிக்கப்பட்டது என்று காட்டினார், முடிச்சை அவிழ்த்துக் காட்டவில்லை.

இத்தனைக்கும் கூடுவது சின்னக் கூட்டமாகத்தான் இருக்கும். ஏழெட்டு மாதம் எழுதி, தவறாமல் படிக்கிறவர்கள் நூறு இருநூறு பேர் என்றால் பலருக்கு மனம் சோர்ந்துவிடும். அந்த நூறு பேர் வெளியீட்டு நாளில் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். ஒரு கேமுக்குப் பத்து விமர்சனங்கள் சேரும் வரை, ‘பெரும்பாலும் நல்ல கருத்து’ போன்ற மதிப்பீட்டு வாசகம் எதையும் ஸ்டீம் அதன் பக்கத்தில் காட்டாது. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தால், யாரும் சீண்டாத கடை போல இருக்கும். பத்து பேர் எழுதிவிட்டால் வாசகம் வந்துவிடும். யாரென்றே தெரியாதவர்களிடமிருந்து அந்தப் பத்தைப் பெற வாரக்கணக்கில் ஆகலாம். மாதக்கணக்காகக் கூடவே வந்து, பாதி வெந்ததை விளையாடிப் பார்த்து, பெயரும் எழுதிக் கொடுத்தவர்கள் முதல் நாள் மாலைக்குள் எழுதிவிடுவார்கள்.

இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அன்பு மிகுந்து, கூடவே வந்தவர்களுக்கெல்லாம் கேமை இலவசக் குறியீடாக அனுப்பத் தோன்றும். ஸ்டீமிலேயே காசு கொடுத்து வாங்கியவரின் விமர்சனம்தான் அந்தப் பத்தில் சேரும். குறியீட்டில் பெற்றவர் எழுதியது பக்கத்தில் தெரியும், எண்ணிக்கையில் ஏறாது. அதனால் வெளியீட்டுக்கு முந்தைய கடைசிக் குறிப்பில் இதை ஒளிக்காமல் எழுதிவிடலாம்: இலவசமாக அனுப்பவில்லை, காரணம் இது, பிடித்திருந்தால் வாங்கி விளையாடிவிட்டு உள்ளதை உள்ளபடி நாலு வரி எழுதுங்கள். அதன் கீழே, எப்போதும் போல, அந்த ஒரே இணைப்பு.